நீளமான மெயிலுக்கு எப்படிப் பதில் எழுதுவது: மேலேயா, இடையிடையேயா?

ஒரே மெயிலில் ஆறேழு கேள்விகள் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். Reply அழுத்தினால் கர்சர் தானாகவே உச்சியில் போய் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் அங்கேயே எழுதத் தொடங்கிவிடுகிறோம். அவருடைய மெயில் முழுக்கக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், நம் பதில் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும். இதுதான் டாப் ரிப்ளை. இன்லைன் ரிப்ளை என்பது அவருடைய மெயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே அதற்கான பதிலை எழுதுவது. எதை எப்போது எடுப்பது, எடுத்தால் எப்படிச் செய்வது என்று ஒரு உதாரணத்தை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பதிப்பகத்தில் புத்தக வடிவமைப்பைப் பார்த்துக்கொள்பவர் நூலாசிரியருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எண் போட்டுக் கேட்பவை இவை. புத்தகம் டெமி அளவா, கிரவுன் அளவா? இரண்டு அட்டை வடிவங்களில் எது? 48ஆம் பக்கப் படம் மங்கலாக இருக்கிறதே, மூலப் படம் கிடைக்குமா? அடிக்குறிப்புகளைப் பக்கத்தின் கீழே போடுவதா, இயலின் இறுதியில் போடுவதா? முன்னுரை எப்போது வரும்? பின்னட்டைக் குறிப்பு 200 சொல் இருக்கிறது, 80 சொல்லுக்குள் சுருக்கித் தர முடியுமா? ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நாலு வரி விளக்கமும் உண்டு என்பதால் மெயில் திரையில் இரண்டு முறை உருட்டும் அளவுக்கு நீள்கிறது.

அதற்கு ஆசிரியர் மேலே இப்படிப் பதில் போடுகிறார்:

```
டெமியே போதும். இரண்டாவது அட்டை நன்றாக இருக்கிறது. படத்தைத்
தேடிப் பார்க்கிறேன். ஆமாம், அப்படியே செய்துவிடலாம். முன்னுரை
சீக்கிரம் வந்துவிடும். நன்றி.
```

படிக்கும்போது எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் "ஆமாம், அப்படியே செய்துவிடலாம்" என்றால் எதை? அடிக்குறிப்பு பற்றிய கேள்வி இதுவா அதுவா என்ற கேள்வி, அதற்கு "ஆமாம்" பதிலே ஆகாது. "இரண்டாவது அட்டை" என்பது இணைப்பில் இரண்டாவதாக இருந்ததா, மெயிலில் இரண்டாவதாகச் சொன்னதா? பின்னட்டைக் குறிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. வடிவமைப்பாளர் மேலும் கீழும் உருட்டி, எந்த வாக்கியம் எந்தக் கேள்விக்கு என்று பொருத்திப் பார்த்து, மிச்சத்துக்கு மறுபடியும் ஒரு மெயில் எழுத வேண்டும். டாப் ரிப்ளையின் பெரிய கோளாறு இதுதான்: ஒரு கேள்வியை விட்டுவிட்டால் எழுதுபவருக்கே தெரியாது. இன்லைனில் கேள்வி கண்ணெதிரே இருப்பதால் விடுபடுவது குறைவு.

எதை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது

முதலில் மெயிலை முழுக்கப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். கேள்விகள் ஒன்றை ஒன்று சாராமல் தனித்தனியாக நிற்கின்றனவா, அல்லது ஒன்றின் பதில் மற்றவற்றை மாற்றிவிடுமா?

மேலே உள்ள மெயிலில் படம், அடிக்குறிப்பு, முன்னுரை, பின்னட்டை எல்லாம் தனித்தனி விஷயங்கள். இன்லைனுக்கு என்றே செய்தது போல இருக்கிறது. ஆனால் ஆசிரியர் "கிரவுனுக்கு மாற்றிவிடலாம்" என்று முடிவெடுத்தால் கதை வேறு. பக்கத்தின் அளவு மாறினால் பக்க எண்ணிக்கை மாறும், பக்க எண்ணிக்கை மாறினால் முதுகின் தடிமன் மாறும், அட்டை வடிவத்தையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், 48ஆம் பக்கம் என்பதுகூட 48ஆம் பக்கமாக இருக்காது. அப்போது முதல் கேள்விக்குக் கீழே மட்டும் "கிரவுன்" என்று எழுதிவிட்டு அட்டைக்குக் கீழே "இரண்டாவது" என்று எழுதினால் இரண்டு பதில்களும் தனித்தனியாகச் சரியாக இருந்து சேர்ந்து தப்பாகிவிடும். இந்த மாதிரி நேரத்தில் மேலே, சொந்த வாக்கியங்களில், முழு முடிவையும் அதனால் என்னென்ன மாறும் என்பதையும் ஒரு கடிதமாக எழுதுவதே முறை.

இன்லைன் கூடாத இன்னொரு இடம், மனசைத் திறந்து எழுதிய கடிதம். மூத்த எழுத்தாளர் ஒருவர் தன் உடல்நிலை, புத்தகம் தாமதமான வருத்தம், அதற்கு நடுவே இரண்டு கேள்விகள் என்று எழுதியிருந்தால் அதை வரி வரியாக வெட்டி ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதுவது குறுக்கு விசாரணை மாதிரி ஆகிவிடும். "உங்கள் பதிலுக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன்" என்ற வரியைத் தனியே எடுத்து வைத்து அதற்குக் கீழே விளக்கம் சொன்னால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் வாதாடுவது போலத்தான் ஒலிக்கும். அங்கே வணக்கம் சொல்லி, முழுக் கடிதமாக மேலே எழுதி, அந்த இரண்டு கேள்விகளுக்கும் கடைசியில் தனிப் பத்தியில் பதில் சொல்லுங்கள். கோபமாக வந்த மெயிலுக்கும் இதே வழிதான்.

இன்லைன் என்று முடிவானால்

Reply அழுத்தியதும் எழுத ஆரம்பிக்காதீர்கள். முதல் வேலை வெட்டுவது. அவருடைய வணக்கம், கையொப்பம், தொலைபேசி எண், அதற்கும் கீழே போன மாதத்து மெயில்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் பாருங்கள். நாலு வரி விளக்கத்தில் கேள்வி ஒரு வரிதான் என்றால் அந்த ஒரு வரி போதும், நடுவில் எடுத்த இடத்தில் [...] என்று போட்டுவிடுங்கள். மூலத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் சேர்த்தால் போதும் என்பது 1995இல் வந்த RFC 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பிலேயே இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்கள் தங்களுக்குள் பேசும் மெயில்களில் இன்றைக்கும் இப்படி வெட்டிய இன்லைன் பதிலைத்தான் கேட்கிறார்கள்.

வெட்டலாம், ஆனால் திருத்தக் கூடாது. அவர் எழுத்துப்பிழை விட்டிருந்தாலும் மேற்கோளுக்குள் இருப்பது அவருடைய வார்த்தை, அது அப்படியே இருக்கட்டும். வெட்டும்போது பொருள் மாறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: "மூலப் படம் கிடைக்காவிட்டால் படத்தை எடுத்துவிடலாம்" என்ற வாக்கியத்தில் முன்பாதியை வெட்டினால் அவர் படத்தை எடுக்கச் சொன்னதாக ஆகிவிடும். மேலே "On ... wrote:" என்று தேதியோடும் பெயரோடும் ஒரு வரி தானாக வரும் இல்லையா, அதை மட்டும் வெட்டாதீர்கள். மேற்கோளுக்குள் இருப்பது யாருடைய பேச்சு என்று சொல்வது அந்த வரிதான்.

அப்புறம் பதில்களை எழுதுங்கள். கேள்விக்கு மேல் ஒரு வெற்று வரி, கீழே ஒரு வெற்று வரி, பிறகு பதில். பதில் தன் காலில் நிற்க வேண்டும். "ஆமாம்" என்று மட்டும் எழுதாமல் "பக்கத்தின் கீழேயே போடுங்கள்" என்று எழுதினால், நாளைக்கு அந்த வரியை மட்டும் யாராவது நகலெடுத்து அச்சகத்துக்கு அனுப்பினாலும் பொருள் புரியும்.

ஒரு கேள்விக்கு இப்போது பதில் இல்லை என்றால் அதை வெட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வெட்டினால் மறந்துவிட்டீர்கள் என்றே அவர் நினைப்பார். கேள்வியை வைத்து, அதன் கீழே எப்போது சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

கடைசியாக எழுத வேண்டியது உச்சியில் வரும் இரண்டு மூன்று வரிகள். பதில்கள் கீழே இருக்கின்றன என்று அங்கே சொல்லியாக வேண்டும், இதைத் தவிர்க்கவே கூடாது. ஜிமெயில் போன்றவை பழைய வாசகம் என்று தாங்கள் கருதுவதை மூன்று புள்ளிக்குள் சுருட்டி வைத்துவிடும், போனில் பார்ப்பவர் முதல் இரண்டு வரியோடு மூடியும் விடலாம். "வணக்கம்" என்று மட்டும் மேலே இருந்தால் வெறும் மெயில் வந்திருக்கிறது என்றே நினைப்பார். அவசரமான முடிவு ஏதாவது இருந்தால் அதையும் மேலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆசிரியர் இப்படி எழுதியிருக்கலாம்:

```
வணக்கம். உங்கள் கேள்விகளுக்கு அவற்றின் கீழேயே பதில்
எழுதியிருக்கிறேன். அளவும் அட்டையும் முடிவாகிவிட்டன: டெமி,
நீலப் பின்னணி உள்ள அட்டை. முன்னுரைக்கு மட்டும் வெள்ளி வரை
நேரம் வேண்டும்.

> 3. 48ஆம் பக்கப் படம் மங்கலாக இருக்கிறது. [...] மூலப் படம்
> கிடைக்குமா?

கிடைக்கும். அச்சுப்படமே என்னிடம் இருக்கிறது. 300 டிபிஐயில்
ஸ்கேன் செய்து நாளை மாலைக்குள் அனுப்புகிறேன்.

> 4. அடிக்குறிப்புகள் பக்கத்தின் கீழேயா, இயலின் இறுதியிலா?

பக்கத்தின் கீழே. எண்கள் ஒவ்வொரு இயலிலும் 1இலிருந்து
தொடங்கட்டும்.

> 5. முன்னுரை எப்போது வரும்?

எழுதுபவரிடம் இன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை உறுதியாகச்
சொல்கிறேன்.
```

"இரண்டாவது அட்டை" என்பது "நீலப் பின்னணி உள்ள அட்டை" ஆகிவிட்டதைக் கவனியுங்கள். மற்ற மூன்று கேள்விகளும் இதே மாதிரிதான். கேள்விகளுக்கு எண் இல்லாமல் மெயில் வந்திருந்தால் மேற்கோளுக்குள் நீங்களாக எண் சேர்க்காதீர்கள், உங்கள் பதிலின் தொடக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மென்பொருளில் எப்படி

ஜிமெயிலைக் கணினியில் திறந்து Reply அழுத்தினால் பழைய மெயில் கண்ணில் படாது. எழுதும் பெட்டியின் அடியில் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தட்டினால் இடப்பக்கம் ஒரு கோட்டோடு முழு மெயிலும் விரியும். கேள்வியின் முடிவில் கர்சரை வைத்து Enter அழுத்துங்கள். புதிய வரியின் இடப்பக்கமும் அந்தக் கோடு தொடர்ந்தால் நீங்கள் இன்னும் மேற்கோளுக்குள்தான் இருக்கிறீர்கள், அங்கே எழுதினால் உங்கள் பதிலும் அவர் சொன்னது போலவே தெரியும். வெற்று வரியில் நின்றுகொண்டு Ctrl + [ அழுத்தினால் அந்த வரி கோட்டை விட்டு வெளியே வந்துவிடும். ஒவ்வொரு பதிலையும் எழுதி முடித்ததும் கோடு எங்கே இருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இன்லைனில் நடக்கும் தப்புகளில் பாதி இங்கேதான் நடக்கிறது.

தண்டர்பேர்ட் இந்த வேலைக்கு மிக வசதி. மெயிலில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு Reply அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் மேற்கோளாக வரும், வெட்டும் வேலையே மிச்சம். மேற்கோளின் நடுவில் Enter அழுத்தினால் அது இரண்டாகப் பிரிந்து உங்களுக்கு இடம் விடும். கர்சர் மேற்கோளுக்கு மேலே நிற்க வேண்டுமா, கீழே நிற்க வேண்டுமா என்பதை Account Settings-இல் Composition & Addressing பகுதியில் சொல்லி வைக்கலாம்.

அவுட்லுக்தான் கொஞ்சம் சிரமம். அது பழைய மெயிலை மேற்கோள் கோடு இல்லாமல் அப்படியே கீழே ஒட்டும், அதனால் நடுவில் எழுதினால் யார் எழுதியது என்றே பிரித்துப் பார்க்க முடியாது. கிளாசிக் டெஸ்க்டாப் அவுட்லுக்கில் File, Options, Mail என்று போய் Replies and forwards பகுதியில் "Preface comments with" என்பதை டிக் செய்து உங்கள் பெயரைக் கொடுத்தால், பழைய மெயிலுக்குள் நீங்கள் எழுதும் இடத்தில் அந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். அதே இடத்தில் பழைய மெயிலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குறி போடும் வசதியும் இருக்கிறது.

அலுவலகங்களில் வேறொரு வழக்கம் உண்டு: "என் பதில்கள் சிவப்பில்" என்று எழுதிவிட்டு நிறத்தில் எழுதுவது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அவர் வெறும் எழுத்து வடிவில் மெயில் பார்ப்பவராக இருந்தால் நிறமே போய்விடும், கறுப்புப் பின்னணியில் போன் வைத்திருப்பவருக்குச் சிவப்பு வேறு மாதிரி தெரியும், அச்செடுத்தால் எல்லாமே கறுப்பு. மூன்றாவது ஆள் வந்து பச்சையில் எழுதத் தொடங்கினால் அதற்கு மேல் யாராலும் படிக்க முடியாது. நிறம் வேண்டுமானால் இருக்கட்டும், கூடவே ஒவ்வொரு பதிலின் முன்னும் "பதில்:" என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுங்கள். எந்த மென்பொருள் வழியாகப் போனாலும் அந்தச் சொல் அழியாது.

போனில் நீண்ட மெயிலுக்கு இன்லைன் எழுத முயல வேண்டாம் என்பேன். மேற்கோளை விரித்து, விரலால் தேர்ந்தெடுத்து வெட்டி, கோட்டை உடைத்து எழுதுவது நடக்கும் காரியம் இல்லை. வெளியே இருக்கும்போது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் மேலேயே எண் போட்டு எழுதுங்கள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எதைப் பற்றி என்று ஓரிரு சொல்லில் சொல்லிவிட்டு: "4. அடிக்குறிப்பு: பக்கத்தின் கீழே." மேலே எழுதினாலும் பொருத்திப் பார்க்கும் சிரமத்தில் பெரும்பகுதி இதனால் போய்விடும்.

இரண்டாவது சுற்று

இன்லைன் உடைந்துபோவது பெரும்பாலும் முதல் பதிலில் இல்லை, அதற்கு வரும் பதிலில். வடிவமைப்பாளர் ஆசிரியரின் பதிலுக்குக் கீழே மறுபதில் எழுதுகிறார். இப்போது மூன்று அடுக்கு:

```
>> 4. அடிக்குறிப்புகள் பக்கத்தின் கீழேயா, இயலின் இறுதியிலா?
> பக்கத்தின் கீழே.
மூன்றாம் இயலில் ஒரே பக்கத்தில் ஒன்பது குறிப்பு வருகிறதே?
```

இந்த அளவில் இன்னும் படிக்க முடிகிறது. இரண்டு குறி இருந்தால் முதலில் பேசியவர், ஒரு குறி என்றால் அடுத்தவர், குறி இல்லாதது இப்போது எழுதுபவர். இதற்கு மேல் ஒரு அடுக்கு ஏறினால் நிறுத்திவிடுங்கள். முடிந்துபோன கேள்விகளை முழுக்க எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பது இரண்டு என்றால் அந்த இரண்டை மட்டும் வைத்துப் புதிதாக எழுதுங்கள்: "அளவு, அட்டை, படம், பின்னட்டை முடிந்தன. மூன்றாம் இயலின் அடிக்குறிப்பும் முன்னுரையும் மட்டும் பாக்கி." முடிந்தவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடுவது முக்கியம், ஏனென்றால் எல்லாம் வெட்டப்பட்ட பிறகு எது முடிவானது என்று தேட நாலு மெயில்களைத் திறக்க வேண்டியிருக்கும். மூன்றாம் இயலின் அடிக்குறிப்பு மட்டுமே நீளும் என்று தெரிந்தால் அதைத் தனித் தலைப்பில் தனி மெயிலாகப் பிரித்துவிடுங்கள்.

புதிதாக ஒருவர் சேரும்போது

டாப் ரிப்ளைக்கு உள்ள உண்மையான பலம் இதில்தான். எதையும் வெட்டாமல் மேலே மேலே எழுதிக்கொண்டே போனால் முழுப் பேச்சும் கடைசி மெயிலுக்குள் இருக்கும். பதிப்பகத்தின் உரிமையாளரைத் திடீரென்று Cc-இல் சேர்த்தால் அவர் அடியிலிருந்து மேலே படித்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம். வெட்டிய இன்லைன் பதிலில் அவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பார்ப்பது [...] போட்ட துண்டுகளை மட்டும்.

அதே பலம்தான் ஆபத்தும். அடியில் தொங்கும் பழைய மெயில் ஒன்றில் ராயல்டி பற்றியோ இன்னொரு ஆசிரியரைப் பற்றியோ எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தே புதியவரிடம் போகும். மேலே எழுதுபவர் கீழே என்ன இருக்கிறது என்று உருட்டிப் பார்ப்பதே இல்லை. யாரையாவது புதிதாகச் சேர்க்கும் முன் மெயிலின் அடிவரை ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இன்லைனில் போய்க்கொண்டிருக்கும் பேச்சில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால், கேள்விகள் இருந்த முதல் மெயிலை அவருக்குத் தனியாக Forward செய்யுங்கள். Reply-இல் இணைப்புகள் போகாது, Forward-இல் போகும். அட்டை வடிவங்கள் இரண்டும் அந்த முதல் மெயிலின் இணைப்பில்தானே இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் "நீலப் பின்னணி உள்ள அட்டை" எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? Forward செய்யும்போது இதுவரை முடிவானதை மேலே மூன்று வரியில் எழுதி, அவரிடம் எதிர்பார்ப்பது எந்தக் கேள்விக்கான பதில் என்று எண்ணோடு சொல்லிவிடுங்கள்.